புரோநோட்டின் மீது ஒரு சுருக்க வழக்கு: வழக்குரையில் எழுதியதும் எழுதாமல் விட்டதும்

இது மதுரையில் நான் நடத்திய ஒரு வழக்கின் பதிவு. கட்சிக்காரர்களை அடையாளம் காண முடியாதபடி தொழில், ஊர் முதலிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டப் பிரச்சினையைப் பாதிக்கும் எதையும் மாற்றவில்லை.

பின்னணி

வாதி அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று. பிரதிவாதி அதே தெருவில் வளர்ந்தவர். மேலூர் சாலையில் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். சிறு வயதில் வாதியிடம் படித்தவர் என்பதால் கடைசி வரை அவரை "டீச்சர்" என்றே அழைத்தார். கடையை விரிவுபடுத்தப் பணம் வேண்டும் என்று கேட்டபோது, ஓய்வுக்காலப் பலன்களிலிருந்து ரூ.6,00,000 கொடுக்க வாதி ஒப்புக்கொண்டார்.

10-03-2022 அன்று வாதியின் வீட்டில் புரோநோட்டு எழுதப்பட்டது. கடையில் வாங்கிய அச்சுப் படிவம் அது. பத்திர எழுத்தர் ஒருவர் தன் கையால் நிரப்பினார். பிரதிவாதி ரெவின்யூ ஸ்டாம்பின் மீது கையெழுத்திட்டார். அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டனர். வட்டி, நூற்றுக்கு மாதம் ஒன்றுக்கு ரூ.1. வேண்டும்போது தருவதாக எழுதப்பட்ட நோட்டு.

10-09-2023, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரதிவாதி வாதியின் வீட்டுக்கு வந்து கைப்பேசி வழியாக ரூ.36,000 அனுப்பினார். நோட்டின் முதுகுப் பக்கத்தில், வட்டிக் கணக்கில் அந்தத் தொகை செலுத்தியதாகத் தன் கையால் நான்கு வரி எழுதித் தேதியுடன் கையெழுத்தும் போட்டார். அதன் பிறகு ஒரு ரூபாய்கூட வரவில்லை. வாதி என்னிடம் வந்தது 2025 ஏப்ரல் இறுதியில். "தம்பி தந்துடுவான்னு இருந்தேன் சார், இப்போ போனையே எடுக்க மாட்டேங்கிறான்" என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம்.

ஆவணத்தில் கண்டவை

கட்சிக்காரர் சொல்வதைக் கேட்பதற்கு முன் நோட்டைப் படிப்பது என் வழக்கம், ஏனெனில் இவ்வகை வழக்கில் நீதிமன்றம் முதலில் பார்க்கப்போவது அந்தத் தாளைத்தான். நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டேன்.

முதலாவது, முத்திரை. வேண்டும்போது செலுத்தத்தக்க புரோநோட்டுக்கு, தொகை ஆயிரம் ரூபாய்க்கு மேல் எவ்வளவாயினும், இந்திய முத்திரைச் சட்டப்படி தேவைப்படுவது 25 பைசாதான். ஒட்டப்பட்டிருந்தது ஒரு ரூபாய் ஸ்டாம்ப். ஆனால் மதிப்பு மட்டும் போதாது, மறுபடி பயன்படுத்த முடியாதபடி ஸ்டாம்ப் ரத்து செய்யப்பட்டிருக்க வேண்டும். கையெழுத்து ஸ்டாம்பின் மீதும் தாளின் மீதும் ஒருங்கே ஓடியிருந்ததால் அந்த ஆபத்து இல்லை. மற்ற பல ஆவணங்களில் முத்திரைக் குறையை அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். புரோநோட்டுக்குப் பிரிவு 35 அந்த வழியை மூடிவைத்திருக்கிறது. ஸ்டாம்ப் இல்லாத நோட்டைச் சாட்சியமாகவே ஏற்க முடியாது.

இரண்டாவது, சாட்சிக் கையெழுத்து. புரோநோட்டுக்குச் சாட்சி தேவையே இல்லை, ஆனால் நம் ஊரில் சாட்சி இல்லாமல் யாரும் எழுதுவதில்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சாட்சி கையெழுத்திட்ட ஓர் ஆவணத்தில், பணம் கடன் கொடுத்தவருக்கு மட்டும் என்று இருந்து, அவர் ஆணை பெற்றவருக்கும் செலுத்தத்தக்கது என்ற சொல் இல்லாமல் போனால், முத்திரைச் சட்டம் அதைப் பிணைமுறி என்று வகைப்படுத்தும். அப்போது 25 பைசா ஸ்டாம்ப் போதாது. இந்த நோட்டின் அச்சு வாசகத்தில் "தங்களுக்காவது தங்கள் ஆர்டர் பெற்றவர்களுக்காவது" என்று இருந்தது. படிவத்தை அச்சிட்டவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

மூன்றாவது, காலவரையறை. தனி ஒப்பந்தம் எதுவும் உடன் இல்லாத, வேண்டும்போது செலுத்தத்தக்க நோட்டின் மீது, நோட்டுத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். கேட்ட தேதியிலிருந்து அல்ல. அதன்படி 10-03-2025 அன்றே காலம் முடிந்துவிட்டது. வழக்கு உயிரோடு இருந்தது முதுகுப் பக்கத்து நான்கு வரிகளால் மட்டுமே. காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 19, காலம் முடிவதற்குள் ஒரு பகுதி செலுத்தப்பட்டு, அதற்கான ஒப்புகை செலுத்தியவரின் கையெழுத்தில் இருந்தாலோ அவரால் கையொப்பமிடப்பட்டிருந்தாலோ, செலுத்திய நாளிலிருந்து புதிய காலம் தொடங்கும் என்கிறது. கைப்பேசியில் பணம் வந்ததற்கான பதிவை மட்டும் நம்பியிருந்தால், எழுத்து எங்கே, கையெழுத்து எங்கே என்ற கேள்விக்கு நான் திணறியிருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பேனாவை எடுத்துக் கொடுத்தது வாதியின் ஆசிரியப் பழக்கம் என்றே நினைக்கிறேன்.

நான்காவது, பலவீனம். நோட்டில் "இன்று தங்களிடம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்ட ரூ.6,00,000" என்று எழுதப்பட்டிருந்தது. வாதியின் வங்கிப் புத்தகமோ வேறு கதை சொன்னது. அன்று ரொக்கமாகக் கைமாறியது ரூ.1,50,000. மீதி ரூ.4,50,000 மறுநாள் 11-03-2022 அன்று வங்கி வழியாகப் பிரதிவாதியின் கடைக் கணக்குக்குப் போயிருந்தது.

எந்த வழி

சாதாரணப் பண வழக்காகப் போடலாம், அல்லது உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 37-இன் கீழ் சுருக்க வழக்காகப் போடலாம். இரண்டாவதில் பிரதிவாதி தானாக எதிர்வாதம் செய்ய முடியாது, நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு ஈடாக வாதியும் சில கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டும். ஆவணம் தெளிவாக இருந்ததாலும், வாதியின் வயதைக் கருதியும் சுருக்க வழக்கையே தேர்ந்தெடுத்தோம்.

இடையில் ஒரு ஐயம் எழுந்தது. பிரதிவாதி வணிகர், பணமும் கடைக்காக வாங்கியது. இதை வணிகத் தகராறு என்று கொண்டால், 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் பிரிவு 12அ-வின்படி, அவசர இடைக்கால நிவாரணம் கோராத வழக்கில் முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும். போகாமல் போட்ட வழக்குரை நிராகரிக்கப்படும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் வாதி வணிகரும் அல்லர், வட்டித் தொழில் செய்பவரும் அல்லர். வாழ்நாளில் அவர் கொடுத்த ஒரே கைக்கடன் இது. வணிகர்களுக்கிடையே வழக்கமாக நடக்கும் கொடுக்கல் வாங்கல் என்ற வரையறைக்குள் இது வராது என்று முடிவு செய்து, அந்த உண்மைகளையும் வழக்குரையில் ஒரு பத்தியாகச் சேர்த்தோம். உரிமம் இல்லாமல் வட்டித் தொழில் நடத்தினார் என்ற குற்றச்சாட்டுக்கும் அதே பத்திதான் பதில்.

வழக்குரையை எழுதியது

முதல் வரைவை என் இளநிலை வழக்கறிஞர் தயாரித்தார். அதில் மூன்று திருத்தங்கள் தேவைப்பட்டன, மூன்றும் வெவ்வேறு வகையானவை.

முதல் திருத்தம் பரிகாரத்தில். பிரதிவாதி தன் வீட்டை விற்றுவிடக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளையும் கோரியிருந்தார். கட்டளை 37-இன் வரம்புக்குள் வராத எந்தப் பரிகாரமும் கோரப்படவில்லை என்று வழக்குரையிலேயே உறுதி சொல்ல வேண்டும் என்பது விதி 2. உறுத்துக்கட்டளையைக் கோரிவிட்டு அந்த உறுதியைச் சொல்ல முடியாது. அந்த ஒரு வரி முழு வழக்கையும் சாதாரண வழக்காக்கியிருக்கும். அதை நீக்கினோம். தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கிவைக்கும் பற்றுகைக்குத் தனி மனு போடலாமா என்றும் பார்த்தோம். அவர் சொத்தை மறைக்க முயல்கிறார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லாததால் விட்டுவிட்டோம்.

கோரிக்கை இப்படி நின்றது. அசல் ரூ.6,00,000. அதற்கு மாதம் ரூ.6,000 வட்டி. நோட்டுத் தேதியிலிருந்து வழக்குத் தாக்கல் செய்த 10-06-2025 வரை 39 மாதங்களுக்கு ரூ.2,34,000. அதில் வரவு ரூ.36,000 போக ரூ.1,98,000. ஆக மொத்தம் ரூ.7,98,000. நோட்டில் வட்டி விகிதம் எழுதப்பட்டிருப்பதால் அதே விகிதம் தீர்ப்பாணை நாள் வரை. யாரும் வாய்ப்பாட்டில் சரிபார்க்கக்கூடிய இந்தக் கணக்கை, தனி அட்டவணையாக இல்லாமல் வழக்குரையின் உடலிலேயே எழுதினோம்.

இரண்டாவது திருத்தம் ஆவணத்தை எடுத்துரைத்த விதத்தில். வரைவில் "பிரதிவாதி ஒரு புரோநோட்டு எழுதிக் கொடுத்தார்" என்ற ஒரே வாக்கியம் இருந்தது. ஆவணத்தின் சாரத்தைச் சொன்னால் போதும் என்பது பொது விதிதான். சொற்களே முக்கியமாக இருக்கும் இடத்தில் அது பொருந்தாது. ஆகவே "வேண்டும்போது", "தங்கள் ஆர்டர் பெற்றவர்களுக்காவது", வட்டி விகிதம் ஆகிய சொற்களை மேற்கோளாகவே எடுத்து எழுதினோம். முதுகுப் பக்க வரவுக் குறிப்பையும் அப்படியே எழுதினோம். மூன்று ஆண்டுகள் கடந்த வழக்கில், காலவரையறையிலிருந்து எந்த அடிப்படையில் விலக்குக் கேட்கிறோம் என்பதை வழக்குரையிலேயே காட்ட வேண்டும் என்று கட்டளை 7 விதி 6 சொல்வதால், பிரிவு 19-ஐ எண்ணோடு குறிப்பிட்டு, செலுத்திய நாள், விதம், எழுதியவர் ஆகிய மூன்றையும் தனித்தனியே சொன்னோம்.

மூன்றாவது திருத்தம்தான் இந்தப் பதிவை எழுதத் தூண்டியது. வரைவில், "பிரதிவாதி இது நிரப்பாமல் கொடுத்த நோட்டு என்று பொய்யாக வாதிடக்கூடும்" என்று ஒரு பத்தி இருந்தது. எங்கள் பக்கத்து நீதிமன்றங்களில் புரோநோட்டு வழக்கில் பத்துக்கு எட்டு எதிர்வாதம் அதுதான், எனவே இளநிலை வழக்கறிஞர் ஊகித்ததில் தவறில்லை. தவறு அதைப் பெயர் சொல்லி எழுதியதில். எதிராளி இன்னும் சொல்லாத கதையை நாமே எழுதிக் கொடுத்தால், அந்தக் கேள்வி வாதியின் மனத்திலேயே இருந்தது என்று ஆகிவிடும். அந்தக் கதைக்கு இடமில்லாதபடி உண்மைகளை வரிசையாகச் சொல்வதுதான் முறை என்பது என் கருத்து. பத்தியை நீக்கிவிட்டு இப்படி எழுதினோம்: நோட்டு வாதியின் வீட்டில் மாலையில் எழுதப்பட்டது. உடலை நிரப்பியவர் பத்திர எழுத்தர், ஆகவே அந்த எழுத்தும் மையும் பிரதிவாதியுடையவை அல்ல. எழுதி முடித்துப் படித்துக் காட்டிய பிறகே பிரதிவாதி தன் பேனாவால் கையெழுத்திட்டார். இரண்டு மை இருப்பதை நாமே முதலில் சொல்லிவிட்டதால், பின்னால் அது கண்டுபிடிப்பாக வர வழியில்லை.

பணம் கைமாறிய விதத்திலும் இதையே செய்தோம். நோட்டு ரொக்கம் என்கிறது, அதனால் வழக்குரையும் ரொக்கம் என்றே சொல்லட்டும் என்பது எளிய வழி. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 118, நோட்டு கைம்மாறு பெற்றுக்கொண்டே எழுதப்பட்டது என்று அனுமானிக்கச் சொல்கிறது. அந்த அனுமானத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாமே என்று வாதியும் தயங்கினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வங்கிக் கணக்கு எப்படியும் வெளிவரும். அது எதிராளியின் கையிலிருந்து வந்தால் வாதியின் சொல்லைப் பொய்யாக்கும், நம் கையிலிருந்து வந்தால் ரூ.4,50,000-க்கு அசைக்க முடியாத சான்றாகும். ஆகவே ரூ.1,50,000 ரொக்கம், ரூ.4,50,000 மறுநாள் வங்கி வழி, மறுநாள் செலுத்துவதற்கு நோட்டு எழுதிய அன்றே பிரதிவாதி இசைந்தார் என்று உள்ளபடி எழுதி, வங்கி சான்றளித்த கணக்கு நகலையும் இணைத்தோம். இருபதாயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் வாங்குவதை, இந்தக் கடன் வாங்கியபோது நடப்பிலிருந்த 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 269எஸ்எஸ் தடுத்தது என்பது தெரிந்ததே. அதற்கான அபராதம் கடன் வாங்கியவர் மீதுதான் விழும், கடனையே செல்லாததாக்குவதில்லை. அதைப் பற்றி வழக்குரையில் ஒரு சொல்லும் எழுதவில்லை, அது சட்ட வாதம்.

எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம்

வரைவின் இறுதியில் வாதி தாமே சேர்க்கச் சொன்ன ஒரு வாக்கியம் இருந்தது: "வாதிக்கோ அவர் குடும்பத்தாருக்கோ பிரதிவாதியுடன் வேறு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை." நன்றாக ஒலிக்கும் வாக்கியம். வெற்று நோட்டுக் கதையை வேரோடு வெட்டுவது போலத் தோன்றும். கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டியபோது, இந்த வரியில் வாதி சற்று நின்றார். காலஞ்சென்ற அவருடைய தம்பி தெருவில் சீட்டுப் பிடித்தவர் என்பதும், பிரதிவாதி அதில் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில் சேர்ந்திருந்தார் என்பதும் அப்போதுதான் வெளிவந்தன. "அது தம்பியோட கணக்கு சார், எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை" என்றார். சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் தம்பியும் குடும்பத்தார்தானே.

அந்த வாக்கியத்தை முழுவதுமாக நீக்கினோம். சீட்டைப் பற்றி வழக்குரையில் சொல்லலாமா என்று அன்று மாலை வரை யோசித்தோம். வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம், அது வழக்கு மூலத்தின், அதாவது வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தரும் உண்மைகளின், பகுதி அல்ல. அதை மறைப்பதற்காக எதையும் எழுதாமல் இருப்பதே போதும். ஆனால் தம்பி வீட்டிலிருந்து சீட்டுக் கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். அது 2020 டிசம்பரில் முடிந்த சீட்டு.

தாக்கலும் அழைப்பாணைகளும்

அறிவிப்பு அனுப்புவது இவ்வகை நோட்டில் வழக்கு மூலத்துக்குத் தேவையில்லை. இருந்தும் மே மாதம் அனுப்பினோம், பிரதிவாதி பெற்றுக்கொண்டார், பதில் தரவில்லை. கோடை விடுமுறை முடிந்ததும் மதுரையில் அசல் நோட்டுடன் வழக்குத் தாக்கலாகி, உடனே ஒருமுறை திருப்பப்பட்டது. பிழை எங்களுடையது. "உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் கட்டளை 37-இன் கீழ்" என்ற குறிப்பு வழக்கு எண்ணுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். நாங்கள் அதைத் தலைப்பின் ஓரத்தில் தட்டச்சு செய்திருந்தோம். சரிசெய்து மறுதாக்கல் செய்தோம்.

ஜூலையில் படிவம் 4-இன்படியான அழைப்பாணை, வழக்குரை நகலுடனும் இணைப்புகளுடனும் சார்வு செய்யப்பட்டது, அதாவது முறைப்படி பிரதிவாதியிடம் சேர்ப்பிக்கப்பட்டது. பத்து நாளுக்குள் முன்னிலையாக வேண்டும். ஒன்பதாம் நாள் பிரதிவாதியின் வழக்கறிஞர் வக்காலத்துத் தாக்கல் செய்தார். இந்தக் கட்டத்தில்தான் பல சுருக்க வழக்குகள் சத்தமில்லாமல் சாதாரண வழக்காக மாறிவிடுகின்றன. எதிர்வழக்குரைக்கு என்று வாய்தா போடப்படும், யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். பிரதிவாதி முன்னிலையானதும் அடுத்த அடி வாதியுடையது. தீர்ப்புக்கான அழைப்பாணையை, வழக்கு மூலத்தையும் தொகையையும் உறுதிப்படுத்தி, தம் நம்பிக்கையில் எதிர்வாதம் ஏதும் இல்லை என்று கூறும் வாதியின் பிரமாண வாக்குமூலத்துடன் சார்வு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் பிரதிவாதி அனுமதி கேட்கவில்லை என்று குறை சொல்ல முடியாது, அவருக்கான பத்து நாள் அந்தச் சார்விலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அதைச் செய்தோம்.

எதிர்வாத அனுமதி மனு பதினேழாம் நாள் வந்தது, ஏழு நாள் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவுடன். வாதி அதைக் கடுமையாக எதிர்க்க விரும்பினார். ஏழு நாள் தாமதத்தைக் காரணமாக வைத்துப் பெறும் தீர்ப்பாணை, மேலே போய் நிற்பது அரிது. அதில் கழியும் மாதங்கள் வாதிக்குத்தான் இழப்பு. எதிருரையில் இரண்டு வரி எழுதி, நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு விட்டோம். தாமதம் மன்னிக்கப்பட்டது.

அனுமதி மனுவில் சொல்லப்பட்டவை

பிரதிவாதியின் வாக்குமூலம் எதிர்பார்த்த பாதையிலேயே வந்தது, எதிர்பாராத ஓர் இணைப்புடன். கையெழுத்து தன்னுடையதுதான். ஆனால் 2019-இல் வாதியின் தம்பி நடத்திய சீட்டில் பணம் எடுத்தபோது, உத்தரவாதத்துக்காக நிரப்பாத படிவத்தில் வாங்கப்பட்ட கையெழுத்து அது. சீட்டு முடிந்தும் நோட்டைத் திருப்பித் தரவில்லை. தம்பி இறந்த பின் அக்காள் அதை நிரப்பிக்கொண்டார். இணைப்பாகச் சீட்டு நோட்டின் நகல். வங்கி வழி வந்த ரூ.4,50,000, வாதியின் வீட்டு மராமத்துக்குத் தான் கொடுத்த பொருட்களின் விலை. முதுகுப் பக்க எழுத்தைத் தான் எழுதவில்லை.

அந்த நீக்கிய வாக்கியம் வழக்குரையில் இருந்திருந்தால், சீட்டு நோட்டின் நகல் ஒன்றே வாதியைப் பொய் சொன்னவராக்கியிருக்கும். மற்ற எல்லாமும் அதன் நிழலில்தான் பார்க்கப்பட்டிருக்கும்.

எதிருரையில் நான்கு விஷயங்களை மட்டும் எடுத்தோம். சீட்டு ஒரு லட்சத்துக்கானது, 2020 டிசம்பரில் முடிந்தது, நோட்டோ அதற்குப் பதினைந்து மாதம் பிந்தியது. மராமத்துப் பொருள் விற்றதற்கு ஜிஎஸ்டி பில் ஒன்றுகூட இணைக்கப்படவில்லை, பில் போடாமல் நாலரை லட்சத்துக்குச் சரக்கு கொடுத்ததாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். ரூ.36,000 அனுப்பியதை அவர் மறுக்கவே இல்லை, எதற்காக அனுப்பினார் என்றும் சொல்லவில்லை. அது சரியாக ஆறு மாத வட்டி. அறிவிப்புக்குப் பதில் தராதவர், இந்தக் கதையை முதன்முதலாக அனுமதி மனுவில்தான் சொல்கிறார்.

கைவசம் இன்னொரு வாதமும் இருந்தது. முத்திரையிட்ட தாளில் கையெழுத்திட்டு நிரப்பாமல் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ள வைத்திருப்பவருக்கு அதிகாரம் கொடுத்ததாகவே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 20 கருதுகிறது. இதை வழக்குரையிலும் எழுதவில்லை, எதிருரையிலும் எழுதவில்லை. நிரப்பிய பிறகே கையெழுத்திட்டார் என்று பிரமாணம் செய்த வாதி, நிரப்பாமல் கொடுத்திருந்தாலும் செல்லும் என்று மாற்று நிலை எடுத்தால் முதல் நிலை ஆட்டம் காணும். பிரதிவாதியின் கதையை அப்படியே ஏற்றாலும்கூட என்ற தொடக்கத்துடன், வாய்மொழி வாதத்தில் மட்டும் வைத்தேன்.

உத்தரவு

2016-இல் ஹப்டவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த படிநிலைகளைத்தான் இரு தரப்பும் மேற்கோள் காட்டினோம். எதிர்வாதம் கணிசமானது என்றாலோ, விசாரிக்கத்தக்க நியாயமான பிரச்சினை எழுந்தாலோ, பொதுவாக நிபந்தனையற்ற அனுமதி. அந்தப் பிரச்சினை நல்லெண்ணத்துடன் எழுப்பப்பட்டதா என்ற ஐயம் இருந்தாலோ, எதிர்வாதம் சாத்தியமாயினும் நம்பத்தகுந்ததாக இல்லாவிட்டாலோ, பணத்தைக் கட்டவோ ஈடு கொடுக்கவோ நிபந்தனை விதிக்கலாம். அற்பமானது என்றால் மட்டுமே மறுப்பு. வாதி எதிர்பார்த்தது மறுப்பை. அது கிடைக்காது என்று முன்பே சொல்லியிருந்தேன். சீட்டு நடந்தது உண்மை, ரூ.1,50,000 ரொக்கத்துக்கு நோட்டைத் தவிர வேறு தாள் இல்லை, வரவுக் குறிப்பின் எழுத்து மறுக்கப்பட்டிருக்கிறது. முழு மறுப்பை வற்புறுத்தி வாதிட்டால், நீதிமன்றம் மறுபக்கம் சாய்ந்து நிபந்தனையற்ற அனுமதி தந்துவிடும் வாய்ப்பே அதிகம். ஆகவே முதன்மையாக மறுப்பையும், அது இல்லையெனில் வங்கி வழி சென்ற தொகையைக் கட்டும் நிபந்தனையையும் கேட்டோம்.

நவம்பரில் வந்த உத்தரவு இரண்டாவதை ஏற்றது. எதிர்வாதம் நம்பத்தகுந்ததாக இல்லை என்று குறிப்பிட்டு, நான்கு வாரத்துக்குள் ரூ.4,50,000 நீதிமன்றத்தில் கட்டினால் எதிர்வாதம் செய்யலாம் என்று அனுமதி அளித்தது.

பிரதிவாதி சீராய்வுக்குப் போகவில்லை. நான்காம் வாரத்தில் ரூ.1,00,000 கட்டிவிட்டுக் கால நீட்டிப்புக் கேட்டார். இரண்டு வாரம் கொடுக்கப்பட்டது. அதற்குள்ளும் மீதி வரவில்லை. நிபந்தனையை நிறைவேற்றாவிட்டால் வாதி உடனே தீர்ப்புப் பெற உரியவர் என்ற விதி 3-இன் உட்பிரிவு 6-இன்படி மனு கொடுத்தோம். 2026 ஜனவரியில் ரூ.7,98,000-க்கும், தீர்ப்பாணை நாள் வரை அசலுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம், அதன் பின் 6 சதவீதம் வட்டிக்கும், செலவுத் தொகைக்கும் தீர்ப்பாணை வழங்கப்பட்டது. சான்று பலவீனமாக இருந்த ரொக்கப் பகுதியும் இதில் அடங்கிவிட்டது. அது எங்கள் வாதத்தால் வந்ததல்ல, பிரதிவாதியின் தவணைத் தவறால் வந்தது.

கட்டியிருந்த ஒரு லட்சத்தை வாதி எடுத்துக்கொண்டார். மீதிக்கு நிறைவேற்று மனு போட்டிருக்கிறோம். சிறப்புச் சூழ்நிலை இருந்தால் தீர்ப்பாணையை நீக்கக் கோர விதி 4 இடம் தருகிறது. இதை எழுதும் வரை அப்படி மனு எதுவும் வரவில்லை, மாதத் தவணைக்குப் பேச்சு மட்டும் நடக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மீண்டும் இதே கோப்பு வந்தால், குடும்பத்தார் அனைவரின் கொடுக்கல் வாங்கலையும் முதல் சந்திப்பிலேயே கேட்பேன். சீட்டு விஷயம் எங்களுக்குத் தெரியவந்தது தற்செயல். படித்துக் காட்டும்போது வாதி தயங்காமல் தலையாட்டியிருந்தால் அந்த வாக்கியம் போயிருக்கும். அறிவிப்பையும் வேறு விதமாக எழுதுவேன். நாங்கள் அனுப்பியது தொகையைக் கேட்கும் வழக்கமான அறிவிப்பு. ரூ.4,50,000 எந்த நாளில் எந்தக் கணக்குக்குப் போனது, ரூ.36,000 எந்த நாளில் எதற்காக வந்தது என்று அதிலேயே குறிப்பிட்டிருந்தால், அவற்றுக்குப் பதில் தராத மௌனத்துக்கு இன்னும் கனம் இருந்திருக்கும்.

எங்களுக்கு உண்மையாகவே ஆபத்தாக இருந்தது வேறொன்று. நோட்டை நிரப்பிய பத்திர எழுத்தருக்கு எழுபது வயதுக்கு மேல். உத்தரவு வந்த மாதத்தில் அவர் அரசு மருத்துவமனையில் படுக்கையில் இருந்தார். நிபந்தனையற்ற அனுமதி கிடைத்து வழக்கு விசாரணைக்குப் போயிருந்தால், இரண்டு மைக்கும் ரொக்கப் பணத்துக்கும் அவர்தான் முதன்மைச் சாட்சி. அவருடைய பிரமாண வாக்குமூலத்தைத் தீர்ப்புக்கான அழைப்பாணையுடனேயே இணைத்திருக்கலாம். விதி அதைக் கேட்கவில்லை என்பதால் நாங்கள் வாதியின் வாக்குமூலத்தோடு நிறுத்திக்கொண்டோம். அவர் தேறி வீடு திரும்பிய பிறகு, டிசம்பரில்தான் போய் எழுதி வாங்கினேன்.